படையின் பசி

1944ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் இறுதியில், பிரான்சு நாட்டின் கிழக்கே ஓடும் மியூசு ஆற்றங்கரையில் ஒரு பெரும்படை அசைவற்று நின்றது. அமெரிக்கத் தளபதி பேட்டன் என்பார் நடத்திவந்த மூன்றாம் படை அது. எதிரே செருமானியர் நிலைகுலைந்து பின்வாங்கிக்கொண்டிருந்தனர். மெட்சு என்னும் அரண்மிக்க நகரம் ஏறத்தாழ நாற்பது மைல் தொலைவிலேயே இருந்தது. எனினும் டாங்கிகள் நகரவில்லை. அவற்றில் பெட்ரோல் இல்லை. அப்படைக்கு நாளொன்றுக்கு 4,00,000 காலன் பெட்ரோல் வேண்டியிருந்தது. ஆகஸ்டு 30ஆம் நாள் அதற்கு வந்து சேர்ந்ததோ 32,000 காலன். பன்னிரண்டு பேர் உண்ண வேண்டிய இடத்தில் ஒருவனுக்குரிய சோறு வந்தது போலாயிற்று.

பெட்ரோல் எங்கும் இல்லாமற் போயிற்றோ எனின், அதுவும் இல்லை. மேற்கே முந்நூறு மைலுக்கு அப்பால், நார்மந்திக் கடற்கரையை அடுத்த கிடங்குகளில் பெட்ரோலும் உணவும் வெடிமருந்தும் மலைமலையாகக் குவிந்து கிடந்தன. நேச நாட்டினர் ஐரோப்பாக் கரையில் இறக்கியிருந்த பண்டங்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அக்கரையோரத்திலேயே தங்கிவிட்டன. பொருள் ஓரிடம், பசி ஓரிடம். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வழிதான் அப்படையின் நோய்.

இந்நிலை வந்த வகையைக் காண்போம். 1944ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் நார்மந்தியில் கரை இறங்கின. செப்டம்பர்த் தொடக்கத்தில் செயின் ஆற்றை அடைவது, அங்கே சில காலம் தங்கிக் கிடங்குகளும் இருப்புப்பாதைகளும் அமைத்துக்கொள்வது, பிறகு மேற்செல்வது என்பதே அவர்கள் வகுத்திருந்த திட்டம். ஆனால் ஏறத்தாழ இரண்டு மாதம் கரையோரத்திலேயே முடங்கிக் கிடந்த படை, சூலை இறுதியில் பகைவரின் காவலை உடைத்துக்கொண்டு, ஆகஸ்டில் வெள்ளம்போற் பாய்ந்தது. செயின் ஆற்றைக் குறித்த காலத்திற்கு முன்னரே அடைந்தது. அடைந்தும் நில்லாமல் அதனைக் கடந்து ஓடியது. வெற்றி விரைந்து வந்தது. வண்டிகளால் அவ்விரைவிற்கு ஈடுகொடுக்க இயலவில்லை.

தொலைவு மிகுந்தால் சுமக்கும் வேலையும் மிகும் என்பது யாவரும் அறிந்ததே. எவ்வளவு மிகும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பழங்காலத்து மாட்டு வண்டி ஒன்றைக் கொண்டு இதனை விளக்கலாம். ஒரு வண்டி 600 கிலோ சுமக்கும் என்றும், வழியில் எங்கும் தீனி கிடையாது என்றும், இரண்டு எருதுகளும் வண்டிக்காரனும் நாளொன்றுக்கு 30 கிலோ உண்பர் என்றும் கொள்வோம். ஒரு நாள் வழி சென்று மீண்டால் 60 கிலோ செலவாகும். 540 கிலோ படைக்குப் போய்ச் சேரும். ஐந்து நாள் வழியாயின் பாதியே சேரும். பத்து நாள் வழியாயின், போக முந்நூறு, மீள முந்நூறு. படைக்கு ஒரு பிடியும் மிஞ்சாது. சுமப்பவனே சுமையை உண்டு தீர்த்துவிடுவான். நூறு வண்டியை ஆயிரம் வண்டி ஆக்கினாலும் இக்கணக்கு மாறாது.

லாரி எருதைவிடப் பன்மடங்கு மேலானது. இந்த எல்லையை அது மிகத் தொலைவிற்குத் தள்ளிவைக்கிறது. ஆயினும் எல்லையை அழித்துவிடவில்லை. முன்னர் ஒரே நாளில் போய் மீண்ட லாரி, இரண்டு நாள், மூன்று நாள் எனக் காலம் கொள்ளுமாயின், அதே அளவு பண்டத்தைச் சேர்க்க இரண்டு மடங்கு, மூன்று மடங்கு லாரிகள் வேண்டும். நெடுந்தொலைவிற்கு ஏற்றது இரயிலே. ஆனால், செருமானியருக்கு உதவி வராமல் தடுக்க வேண்டிப் பிரெஞ்சு நாட்டு இருப்புப்பாதைகளையும் பாலங்களையும் நேச நாட்டு விமானங்களே குண்டு வீசித் தகர்த்திருந்தன. அன்று பகைவனுக்கு அடைத்த வழி, இன்று தமக்கும் அடைபட்டிருந்தது.

ஆகஸ்டு 25ஆம் நாள் அமெரிக்கர் ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கினர். செந்நிறப் பந்து அதன் அடையாளம். 'ரெட் பால்' என்று அது பெயர் பெற்றது. செயிண்ட்லோ என்னும் ஊரிலிருந்து சார்த்தர் நகரப் பகுதிக்குச் செல்ல ஒரு சாலையும், மீள மற்றொரு சாலையும் ஒதுக்கப்பட்டன. இரண்டிலும் ஒருவழிப் போக்கே. வேறு வண்டிகள் நுழையலாகாது. இரவும் பகலும் லாரிகள் ஓடின. நான்கே நாளில் அவற்றின் தொகை ஏறத்தாழ 6,000 ஆயிற்று. ஆகஸ்டு 29ஆம் நாள் மட்டும் 12,000 டன்னுக்கு மேற்பட்ட பண்டம் சென்று சேர்ந்தது. அக்காலத்தில் களத்திலிருந்த 28 டிவிஷன்களுக்கோ நாள்தோறும் 20,000 டன் அளவில் வேண்டியிருந்தது.

இந்த லாரிகளை ஓட்டியவர்களில் நால்வரில் மூவர் அமெரிக்கக் கறுப்பினத்தவர். அந்நாளைய அமெரிக்கப் படை அவர்களைத் தனியே பிரித்து வைத்து, பெரும்பாலும் போர்முனைக்கு அனுப்பாமல் சுமக்கும் பணிக்கே அனுப்பியது. போர்க்களத்தைப் பாடும் நம் பரணி நூல்களில் பேய்கள் கூழ் அடும் காட்சி விரிவாக வரும்; உயிருள்ள வீரருக்கு உலை வைத்தவரைப் பற்றிய பேச்சு அவ்வளவு விரிவாக வருவதில்லை. சுமப்பவரைப் பாடாத வழக்கம் எல்லா நாட்டிற்கும் பொது போலும்.

ஓட்டுநர்களுக்கு உறக்கம் இல்லை. இரண்டரை டன் லாரியில் அதற்கு மேலும் ஏற்றினர். விதித்த வேகத்தை மீறினர். வழியோரம் வீரர்கள் உண்டு எறிந்த தகரக் குவளைகள் டயர்களைக் கிழித்தன. எண்ணெயிட்டுப் பழுதுபார்க்கப் பொழுதில்லாமல் எந்திரங்கள் நாள்தோறும் நின்றுபோயின. இவை எல்லாவற்றினும் பெரிது ஒன்று உண்டு. இந்த லாரிகள் தாமே நாளொன்றுக்கு 3,00,000 காலன் பெட்ரோலை எரித்தன! பேட்டன் தம் படை முழுமைக்கும் கேட்ட அளவில் இது முக்கால் பங்கு. எருதின் கணக்கு மீண்டும் வந்துவிட்டது.

சிறிய பொருளாலும் பெருந்தடை நேர்ந்தது. பெட்ரோல் சென்றது ஐந்து காலன் கொள்ளும் தகரங்களில். வெறுந்தகரம் திரும்பி வந்தால்தான் மறுமுறை நிரப்ப இயலும். வீரர்களோ அவற்றை வயலிலும் பள்ளத்திலும் எறிந்துவிட்டு முன்னேறினர். அக்டோபர் நடுவில் முப்பத்தைந்து இலட்சம் தகரங்கள் போன இடம் தெரியவில்லை. அவற்றைத் தேடிக் கொணரும் பணியில் பிரெஞ்சுப் பள்ளிச் சிறுவர்களையும் ஈடுபடுத்தினர்.

செப்டம்பர் முதல் வாரத்தில் பேட்டனின் படைக்குப் பெட்ரோல் மீண்டும் ஓரளவு வந்தது. அதற்குள் செருமானியர் மூச்சுவிட்டு, படை திரட்டி, மெட்சு நகரக் கோட்டைகளில் நிலைகொண்டனர். அந்நகரம் வீழ்ந்தது நவம்பர் 22ஆம் நாள். அந்தச் சில நாள் தடை நேராதிருந்தால் போரே அவ்வாண்டில் முடிந்திருக்கும் என்பாரும் உளர். அது மிகை, மெட்சைக் கடந்தாலும் அடுத்த ஆற்றங்கரையில் அதே பசி காத்திருக்கும்.

நோய்க்கு உண்மையான மருந்து களத்திற்கு அண்மையில் ஒரு துறைமுகம். பெல்சியத்தின் ஆண்டுவெர்ப்புத் துறைமுகம் செப்டம்பர் 4ஆம் நாளே பெருஞ்சேதமின்றிப் பிரிட்டானியப் படையின் கைக்கு வந்தது. ஆனால் அது கடலிலிருந்து ஐம்பது மைல் உள்ளே, செல்டு ஆற்றின்மேல் உள்ளது. ஆற்றின் வாயிலின் இருகரையும் செருமானியர் வசமே இருந்தன. வாயிலைத் திறவாமல் வீட்டை மட்டும் பிடித்ததில் பயன் என்ன? கனடா நாட்டுப் படையினர் பலர் உயிர் ஈந்து, நவம்பர்த் தொடக்கத்தில் அக்கரைகளைக் கைப்பற்றினர். பிறகு நீரில் இருந்த கண்ணிவெடிகளை அகற்ற மூன்று வாரம் சென்றது. அதற்கு இடையே இரயில்கள் மெல்ல மெல்லச் சீர்பெற, நவம்பர் 16ஆம் நாள் 'ரெட் பால்' லாரிகள் நின்றன. எண்பத்து மூன்று நாளில் அவை சுமந்தது நான்கு இலட்சம் டன்னுக்கு மேல். நவம்பர் 28ஆம் நாள், பண்டம் ஏற்றிய முதற்கப்பல் வரிசை ஆண்டுவெர்ப்புத் துறைக்குள் நுழைந்தது.