பச்சையா நிக்கிற பதர்

எனக்குச் சொந்த ஊர் கொடைக்கானல் பக்கம். பூண்டும் கேரட்டும் விளையற மலை. அங்கிருந்து வந்தவன் நாகப்பட்டினத்து உப்பு வயலுக்கு நெல் தேடப் போறேன்னு முனைவர் பட்ட உதவித்தொகைக்கு ஆய்வுத் திட்டம் எழுதினா, நீங்க சிரிக்கத்தானே செய்வீங்க?

முதல்ல ஒரு கணக்கு. மண்ணின் உப்பை அதோட மின்கடத்துத் திறனை வெச்சு அளப்பாங்க. அலகு, மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ். நெல் 3 வரை தாங்கும். அதுக்கு மேல ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் சுமார் 12 சதவீதம் குறையும். அப்போ உப்பு 6 இருக்கிற வயல்ல 36 சதவீதம் போச்சு.

இதுக்கு மருந்து கேரளக் கடலோரத்துப் பொக்காளி நெல்லில் இருக்கு. அதோட முதல் குரோமோசோமில் 'சால்டால்' என்ற பகுதி உண்டு. அங்க இருக்கிற ஒரு மரபணு, வேர் வழியா ஏறுற சோடியத்தை இலைக்குப் போகவிடாம மடக்கும். இதை நல்லா விளையற ரகத்துக்குக் கொண்டுவந்து, நாற்றுகளை உப்புக் கரைசலில் வெச்சுப் பார்ப்பாங்க. கரைசலின் அளவு 12, கடல்நீரில் சுமார் கால் பங்கு. இரண்டு மூணு வாரத்தில் எது பச்சையா நிக்குதுன்னு தெரிஞ்சிடும்.

என் கேள்வி இங்கதான் ஆரம்பிக்குது. நெல்லுக்கு உப்பு உறைக்கிற பருவம் ரெண்டு: நாற்று, அப்புறம் பூக்கும் காலம். முதல் தேர்வில் ஜெயிச்ச பயிர் ரெண்டாவதில் ஜெயிக்கும்னு உறுதி கிடையாது. வடகிழக்குப் பருவமழை சீக்கிரம் நின்னா, சம்பா பூக்கிற நேரத்தில் வயலில் உப்பு ஏறும். பயிர் பச்சையாவே நிக்கும். கதிரைக் கசக்கினா பதர். அதனால என் திட்டத்தில் தொட்டிச் செடியை நல்ல தண்ணியில் வளர்த்து, கதிர் உள்ளே உருள ஆரம்பிச்சதும் உப்புநீர் விட்டு, மணியையும் பதரையும் எண்ணப் போறேன். உப்புநீரை எல்லாத் தொட்டிக்கும் ஒரே தேதியில் விடக் கூடாது. விட்டா, தாமதமா பூக்கிற ரகம் கூடுதல் நாள் உப்பில் நிக்கும், ஒப்பீடு கெட்டுப்போகும்.

"உங்க ஊர்லயே செய்யலாமே, செலவு மிச்சம்"னு ஒரு நண்பன் சொன்னான். முடியாது. குளிர்ந்த ஈரக் காற்றில் இலை குறைவா நீரை ஆவியாக்கும். அதனால உப்பும் குறைவா ஏறும். சாதாரண ரகம்கூட வீரனாத் தெரியும். போதாததுக்கு, கதிர் உருவாகும்போது குளிர் பட்டாலும் மகரந்தம் கெட்டுப் பதராகும். எந்தப் பதர் உப்பால, எது குளிரால? பிரிக்கவே முடியாது.

அதனால திட்டத்தில் 'ஆய்வு இடம்' என்ற கட்டத்தில் கடலோரம்னு எழுதி, காரணத்தையும் சேர்த்திருக்கேன். பக்கத்திலேயே உப்பில்லாத தொட்டி வரிசை ஒண்ணும் கேட்டிருக்கேன். அதிலயும் பதர் கூடினா, குற்றவாளி உப்பு இல்ல.