ஹார்ட் டிஸ்க் போகல்ல, பெட்டரிதான் போயிருந்தது

எங்கட தம்பலகாமத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் வீட்டில இப்ப செகன்ட் ஹேண்ட் கொம்பியூட்டர் வைத்திருக்கிறீர்கள். அதனால் போன தவணை எங்கள் பாடசாலை லேபில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

லேபில் பழைய டெல் ஒப்டிபிளெக்ஸ் மெஷின் ஒன்று இருக்கிறது. சாதாரண தரப் பிள்ளைகளின் இரண்டு வருடப் புள்ளிப் பட்டியல் அதில்தான். வேறு பிரதி இல்லை. அது எங்கள் பிழை, மறைக்க ஒன்றுமில்லை.

லீவு முடிந்து வந்து ஓன் பண்ணினால் கறுப்புத் திரையில் இப்படி வந்தது:

```
Time-of-day not set - please run SETUP program
```

கீழே F1 அமத்தினால் தொடரும், F2 அமத்தினால் செட்டப் என்று இருந்தது. F1 அமத்தினோம். விண்டோஸ் வட்டம் சுற்றியது, பிறகு நீலத் திரை. அதன் அடியில் `INACCESSIBLE_BOOT_DEVICE`. திரும்பத் திரும்ப அதேதான்.

பயத்தில் F2 அமத்தி பயோஸுக்குள் போனோம். என்ன செய்வது என்று தெரியாமல் `Load Defaults` கொடுத்தோம். "எது பிழைச்சாலும் டிபோல்ட் குடுங்க" என்று எல்லாரும் சொல்வார்களே. பிறகு பூட் ஓர்டரையும் மேலும் கீழும் மாற்றிப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நீலத் திரையைப் பார்த்த உடனே, "ஹார்ட் டிஸ்க் அவுட் சேர், புதுசு போட்டு விண்டோஸ் அடிக்கணும், பழைய டேட்டா வராது" என்றார்கள். மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்தோம். அன்றிரவு நித்திரையே இல்லை.

அடுத்த நாள் எங்களிடம் படித்து இப்ப கொழும்பில் வேலை செய்கிற பிள்ளை ஒருவரிடம் போனில் கேட்டோம்.

"சேர், F2 அமத்தி உள்ளுக்குப் போங்க. ஹார்ட் டிஸ்கட பேரும் சைஸும் காட்டுதா?"

"காட்டுது மகன்."

"அப்ப டிஸ்க் இருக்குது சேர். அது செத்திருந்தா அநேகமா பேரே வராது. System Configuration எண்டதுக்குள்ள SATA Operation எண்டு இருக்கும், அதில என்ன தெரிவாகி இருக்கு?"

`RAID On` என்று இருந்தது. பக்கத்திலேயே `AHCI` என்று இன்னொன்று. "அத AHCI ஆக்கி, Apply குடுத்து, வெளியே வாங்க சேர். வேற எதையும் தொடாதீங்க" என்றான். செய்தோம். விண்டோஸ் வந்தது. பட்டியல் அப்படியே இருந்தது. அல்ஹம்துலில்லாஹ். விண்டோஸ் முழுசாக எழும்பின உடனே, மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைப் பென் டிரைவில் எடுத்தோம்.

என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டோம். ஹார்ட் டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்பதை அந்த SATA செட்டிங் தீர்மானிக்கிறது. விண்டோஸ் போடும்போது எந்த முறை இருந்ததோ, அதற்கான டிரைவரைத்தான் அது ஆரம்பத்திலேயே எழுப்பும். எங்கள் மெஷினை விற்றவர் AHCI-யில் வைத்து விண்டோஸ் போட்டிருக்கிறார். ஆனால் அந்த மொடலின் கம்பனி டிபோல்ட் RAID On. அதாவது `Load Defaults` எங்கள் மெஷினைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகவில்லை. கம்பனியை விட்டு வந்த அன்றைய நிலைக்குத்தான் கொண்டுபோனது. இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தோம்.

சரி, நாங்கள் கை வைக்க முதலே அது எப்படி மாறியது? பயோஸ் செட்டிங்கையும் மணிக்கூட்டையும் காப்பாற்றுவது மதர்போர்டில் உள்ள CR2032 என்ற வட்டப் பெட்டரி. கரண்ட் பிளக்கில் இருக்கும்வரை அது பெரிதாக வேலை செய்யாது. சுவரில் ஓஃப் பண்ணினால் பெட்டரிதான் சுமக்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனது ஞாபகமிருக்கும். அது போக, ஒவ்வொரு நாளும் பின்னேரம் லேபின் மெயின் சுவிட்சை நாங்களே ஓஃப் பண்ணிவிட்டுப் போவோம். லீவு முழுக்க ஓஃப். பெட்டரி தாங்குமா? அது தீர்ந்ததும், இந்தப் பழைய மெஷின் டிபோல்டுக்குப் போய்விட்டது. (புது மொடல்கள் சிலவற்றில் மணிக்கூடு மட்டும்தான் பிழைக்கும், செட்டிங் போகாது.)

அடையாளம் முன்பே இருந்தது. லீவுக்கு முந்தின இரண்டு கிழமையும் காலையில் திகதி பிழையாக இருந்தது. கூகுள் திறந்தால் மணிக்கூடு பின்னுக்கு என்று சொல்லி விடாது. கையால் திருத்திவிட்டுப் பாடம் நடத்தினோம். அன்றே பெட்டரி மாற்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது 2.1 வோல்ட்தான் காட்டியது. புதியது 3-க்குக் குறையாது.

மாற்றுவது லேசு. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, பக்கத்து மூடியைத் திறந்து, கிளிப்பை மெதுவாகத் தள்ளினால் பெட்டரி எழும்பும். எழுத்துள்ள + பக்கம் மேலே இருக்கப் புதியதை வையுங்கள். ஆனால் ஒன்று. பெட்டரியைக் கழற்றினாலும் செட்டிங் டிபோல்டுக்குப் போகும். நாங்களும் மாற்றிய பிறகு திகதியையும் AHCI-யையும் இரண்டாம் முறை வைத்தோம். ஆகவே மெஷின் நல்லாக இருக்கும்போதே பயோஸுக்குள் போய், ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். வரும்போது சேமிக்காமல் வெளியேறுங்கள். அநேக மெஷின்களில் `Exit Without Saving` அல்லது `Discard Changes` என்று இருக்கும்.

உள்ளே போகும் கீ டெல்லில் F2, எச்பியில் F10, லெனோவோ டெஸ்க்டொப்பில் F1. ஓன் பண்ணின உடனே விட்டுவிட்டு அமத்த வேண்டும். விண்டோஸ் வேலை செய்கிற புதிய மெஷினில், அட்மினாகத் திறந்த கொமாண்ட் புரொம்ப்டில் இதை அடித்தாலும் நேராகப் போகும்:

```
shutdown /r /fw /t 0
```

பழைய Legacy முறையில் பூட் ஆகும் மெஷினில் இது வேலை செய்யாது, கீதான் வழி.

பூட் ஓர்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பென் டிரைவிலிருந்து விண்டோஸோ லினக்ஸோ போட, பலர் செட்டப்புக்குள் போய் ஓர்டரையே மாற்றுகிறார்கள். தேவையில்லை. டெல்லிலும் லெனோவோவிலும் F12, எச்பியில் F9 அமத்தினால் அந்த ஒரு தடவைக்கு மட்டும் எதிலிருந்து எழும்புவது என்று கேட்கும். அடுத்த முறை பழையபடி ஹார்ட் டிஸ்க்தான். முள்ளிப்பொத்தானையிலிருந்து வரும் ஒரு பிள்ளை வீட்டில் பென் டிரைவ் எழும்பவில்லை என்று `UEFI` என்றிருந்ததை `Legacy` ஆக்கிவிட்டான். பிறகு இருந்த விண்டோஸும் எழும்பவில்லை, `No bootable devices found` என்று நின்றது. திரும்ப UEFI ஆக்கியதும் வந்தது. டிஸ்க்கின் குற்றமில்லை.

இந்த இரண்டையும் விட, `Secure Boot`, `TPM` இரண்டையும் காரணம் தெரியாமல் தொடாதீர்கள். பிட்லொக்கர் போட்ட லெப்டொப்பாக இருந்தால் 48 இலக்க ரிகவரி கீ கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் டேட்டாவை மறக்க வேண்டியதுதான். பயோஸுக்குப் பாஸ்வர்ட் போடுவதும் வேண்டாம். பயோஸ் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டே போகலாம், அதனால் யூபிஎஸ் இல்லாமல் அதைத் தொடங்காதீர்கள்.

எங்கள் லேபில் இப்ப ஒவ்வொரு மெஷினின் பக்கத்திலும் பெட்டரி மாற்றிய திகதியும் SATA என்ன முறை என்பதும் மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறது. வீட்டில் யாருக்காவது அந்த நீலத் திரை வந்தால், போமட் பண்ணக் கொடுக்க முதல் F2 அமத்தி டிஸ்கட பேர் தெரியுதா என்று பாருங்கள். படம் எடுத்துக் கொமெண்டில் போட்டால் நாங்களும் பார்த்துச் சொல்கிறோம்.