படத்தில் இல்லாத கப்ளர்

ஒழுகும் குழாய் இணைப்பைப் படம் பிடித்துக் கடைக்காரரிடம் காட்டினால் உரிய பாகம் கிடைத்துவிடும் என்றே பலரும் எண்ணுகிறோம். படம் தோற்றத்தை மட்டுமே காட்டும். கடைக்காரருக்கு வேண்டியவை மூன்று: குழாய் எந்தப் பொருளால் ஆனது, அதன் அளவு என்ன, பாகத்தின் இரு முனைகளும் எவற்றோடு சேர்கின்றன. இவற்றை ஒரு படத்திலிருந்து எவ்வளவு தூரம் பெறலாம் என்பதை, ஹைதராபாத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் பின்சுவர்க் குழாயைக் கொண்டு சொல்ல முயல்கிறேன்.

மாடித் தொட்டியிலிருந்து பழைய ஜி.ஐ. இரும்புக் குழாய் இறங்குகிறது. அதன் முனையில் ஓர் இரும்பு சாக்கெட். சாக்கெட்டுக்குள் வெளிர்மஞ்சள் பிளாஸ்டிக் பாகம் ஒன்று திருகப்பட்டுள்ளது. அதிலிருந்து அதே நிறக் குழாய் இரண்டு சாண் இறங்கி, ஓர் எல்போவில் திரும்பிச் சுவரோடு கிடையாகச் செல்கிறது. தொட்டியின் வால்வை மூடினால் மூன்று குடும்பங்களுக்கும் நீர் நின்றுவிடும். கீழ்த்தளத்தில் பிறந்து ஒரு மாதமேயான குழந்தை இருந்தது. ஆகவே எல்லாப் பாகங்களும் கைக்கு வந்த பின்னரே வால்வை மூட வேண்டியிருந்தது.

நீர் சொட்டியது எல்போவிலிருந்து. ஆனால் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இணைப்பு முழுவதையும் துணியால் துடைத்து, மேலிருந்து கீழாகக் காகிதக் கைக்குட்டையை ஒற்றிப் பார்த்தேன். முதலில் நனைந்தது சாக்கெட்டின் விளிம்பு. படத்தைப் பெரிதாக்கியபோது அங்கே உப்பு வெண்மையாகப் படிந்திருப்பதும் தெரிந்தது. எல்போவில் பழுதில்லை.

அடுத்தது பெயர். சாக்கெட்டுக்குள் செல்லும் முனையில் புறமரை; மறுமுனையில் குழாய் ஒட்டப்படுகிறது. இத்தகைய பாகத்தைக் கடைகளில் எம்.டி.ஏ. என்பார்கள். அதில் இரு வகை உண்டு. ஒன்றில் மரையும் பிளாஸ்டிக். மற்றொன்றில் மரை பித்தளை, அதைத் திருகுவதற்கான அறுகோண வளையமும் வெளியே தெரியும். படத்தில் வளையம் இல்லை. எனவே பழையது பிளாஸ்டிக் மரை. இரும்புக்குள் அளவுக்கு மீறி இறுக்கினால் விரிசல் விடுவது அதன் இயல்பு. புதியது பித்தளை மரையாக இருப்பதே நல்லது.

பொருளை நிறத்தால் முடிவு செய்யக் கூடாது. வெயிலில் பழுத்த வெள்ளை யு.பி.வி.சி. குழாயும் வெளிர்மஞ்சளாகவே தோன்றும். குழாயின்மீதுள்ள அச்சில் ஐ.எஸ். 15778 என்றிருந்தால் அது சி.பி.வி.சி. எங்கள் குழாயில் அச்சு அழிந்திருந்தது. ஆகவே அளவே சான்று. முக்கால் அங்குல சி.பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 22.2 மி.மீ.; அரை அங்குல யு.பி.வி.சி. குழாயினுடையது 21.3 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. காகிதப் பட்டையைச் சுற்றி அளந்தால் முன்னது ஏறத்தாழ 70 மி.மீ., பின்னது 67 மி.மீ. வரும். எனக்கு வந்தது 70.

இந்த ஓர் அளவு கிடைத்ததும் படமே அளவுகோலாகிவிடுகிறது. எட்டாத உயரத்திலிருந்த இரும்புக் குழாய் படத்தில் 36 மி.மீ. அகலம், பிளாஸ்டிக் குழாய் 30 மி.மீ. விகிதம் 1.2. அதை 22.2ஆல் பெருக்கினால் 26.6, முக்கால் அங்குல ஜி.ஐ. குழாயின் விட்டம் ஏறத்தாழ அதுவே. அரை அங்குலமாக இருந்திருந்தால் அது பிளாஸ்டிக் குழாயைவிடச் சற்று மெலிந்து தோன்றியிருக்கும். இரு குழாய்களும் கேமராவிலிருந்து ஒரே தொலைவில் இருந்து, படம் நேர்முகமாக எடுக்கப்பட்டிருந்தால்தான் இக்கணக்குச் செல்லும்.

இனி படத்தில் இல்லாத பாகம். ஒட்டிய முனையைத் திருக இயலாது. திருகாமல் பழைய எம்.டி.ஏ. வெளியே வராது. ஆகவே குழாயை அறுத்தாக வேண்டும். புதியதை முதலில் சாக்கெட்டுக்குள் திருகி, அதில் குழாய்த் துண்டை ஒட்டி, அறுத்த முனையோடு அதை ஒரு கப்ளரால் சேர்க்க வேண்டும். கிடைக்குழாயின் கிளாம்புகளைத் தளர்த்தினால் கப்ளர் நுழைவதற்கான இடைவெளி கிடைக்கும். சிமெண்ட் பிடித்துவிட்டால் பிரிக்க வழியில்லை. அளவு தவறினால் மீண்டும் அறுப்பதுதான்.

பட்டியல்களில் பித்தளை மரைக்கும் பிளாஸ்டிக் மரைக்கும் உள்ள சுருக்கப் பெயர்கள் ஆங்கிலத்தில் ஓரெழுத்தில் வேறுபடுகின்றன. தமிழில் எழுதினால் இரண்டும் எம்.ஏ.பி.டி. என்றே ஆகிவிடும், தொலைபேசியிலும் பிரித்துக் கேட்பது கடினம். கடைக்காரரும் சுருக்கத்தை நம்பவில்லை. "இத்தடியா, பிளாஸ்டிக்கா?" என்று தெலுங்கில் கேட்டார். நான் கொடுத்த சீட்டு இது: சி.பி.வி.சி. முக்கால் அங்குலம், பித்தளைப் புறமரை எம்.டி.ஏ. ஒன்று, அதே அளவில் கப்ளர் ஒன்று, குழாய் ஓரடி, சி.பி.வி.சி.க்குரிய சால்வென்ட் சிமெண்ட், டெஃப்லான் டேப்.