சமையல்காரர் ஏன் நிற்கவில்லை?

பணியாளர் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். ஓய்வுக்குப் பிறகும் அந்த வேலை விடவில்லை. மாமல்லபுரத்தில் சின்ன விடுதி நடத்தும் பள்ளித் தோழன் ஒரு நாள் போன் செய்தான். "தந்தூரி மாஸ்டர் நிக்கவே மாட்டேங்கறாம்ப்பா. 17,000 கொடுக்கறேன். பக்கத்து ரிசார்ட்ல 15,000 தான் போட்டிருக்கான், அங்க போயிடறான். நன்றி கெட்ட ஜனங்க!"

கோவளம் முதல் கல்பாக்கம் வரை ஹோட்டல்கள் போட்டிருந்த விளம்பரங்களைச் சேகரிக்கச் சொன்னேன். ஒரு மாதத்தில் 14 வந்தன. நோட்டில் கட்டம் போட்டு தேதி, வேலையின் பெயர், கட்டாயத் தகுதி, 'இருந்தால் நல்லது' என்ற தகுதி, சம்பளம், தங்குமிடம் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதினோம்.

முதலில் இரட்டிப்பை நீக்கினேன். ஒரே வேலையை ஏஜென்சிகளும் போடும்; வாசகம் அச்சாக ஒன்றாயிருந்தால் ஒன்றாகவே எண்ண வேண்டும். 14 பேர் தேடுவதாக நினைத்தது 9 ஆனது. அதில் 6 பேர் தந்தூர் அடுப்பு அனுபவத்தைக் கட்டாயம் என்றார்கள். கேட்டரிங் சான்றிதழ் பெரும்பாலும் 'இருந்தால் நல்லது'தான். தோழனோ அதைக் கட்டாயமாக்கி வைத்திருந்தான்!

அடுத்தது சம்பளம். 5 விளம்பரங்களில்தான் தொகை இருந்தது. மற்ற நான்கையும் ஊகித்து நிரப்பவில்லை. 'சொல்லவில்லை' என்றே எழுதினேன். இருந்த தொகைகளும் ஒரே அளவுகோலில் இல்லை. ஒருவர் 20,000 சி.டி.சி. என்று போட்டிருந்தார். அதில் முதலாளி கட்டும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கும் அடக்கம். அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்தால் முதலாளி பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் போக மொத்தச் சம்பளம் சுமார் 18,200. அதிலிருந்து ஊழியரின் பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் கழிந்தால் கைக்கு வருவது சுமார் 16,900.

அந்த 15,000 ரிசார்ட்? விளம்பரத்தில் 'கையில் 15,000, தங்குமிடம் இலவசம்' என்றிருந்தது. இங்கே அறை பங்கு வாடகை 3,000 என்று தோழனே சொன்னான். ஆக 18,000. தோழனின் 17,000 பிடித்தம் போக 15,700 தான். அவனுடைய மாஸ்டர் செங்கல்பட்டிலிருந்து தினமும் வந்து போகிறவர். இரவு பஸ்ஸுக்கு ஓடுகிறவர்.

ஐந்தையும் இப்படி மாற்றியபோது 16,500 முதல் 19,000 வரை, நடுவில் 18,000. 'வரை' என்று போட்ட உச்சத் தொகையை நம்பாமல் கீழ்த் தொகையையே எடுத்தேன்; உச்சம் அனுபவசாலிக்கு மட்டும்தான். ஒரு விளம்பரம் நான்கு வாரமும் திரும்பத் திரும்ப வந்தது. அந்தச் சம்பளத்துக்கு ஆள் வரவில்லை என்று அர்த்தம். அதன் தொகைதான் பட்டியலில் மிகக் குறைவு!

நோட்டைப் பார்த்துத் தோழன் வெகுநேரம் பேசவில்லை. "நான்தான் அவங்களைத் திட்டிட்டிருந்தேன்" என்றான் மெதுவாக. மாடியில் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து புதிய மாஸ்டருக்குக் கொடுத்தான். போன வாரம் போயிருந்தேன்; அவர் கையால் ரொட்டி சாப்பிட்டேன்.