பால் திரியும் குழாய்

மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் அந்த மெல்லிய குழாயை நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் எல்லோரும் ரைல்ஸ் டியூப் என்கிறார்கள். ஜான் ரைல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் மருத்துவராக இருந்தவர். 1921இல் இந்தக் குழாயைப் பற்றி அவர் எழுதியபோது, நோயாளிக்கு உணவு கொடுப்பது அவர் நோக்கமாக இருக்கவில்லை. வயிற்றில் எவ்வளவு அமிலம் சுரக்கிறது என்று பார்ப்பதற்காகவே அதைச் செய்தார். நோயாளி ஓட்ஸ் கஞ்சியை வாயால் குடிப்பார். கால் மணிக்கு ஒருமுறை குழாய் வழியே கொஞ்சம் உறிஞ்சி எடுத்து அமிலத்தை அளப்பார்கள். அன்று கஞ்சி வாயால் உள்ளே போனது, அமிலம் குழாயால் வெளியே வந்தது. இன்று நம் வீடுகளில் கஞ்சியே குழாயால் உள்ளே போகிறது. அமிலத்தை எடுக்கப் பிறந்த குழாய்க்குள் பாலையும் கஞ்சியையும் ஊற்றுகிறோம் என்பதைப் பெரியம்மாவின் குழாய் அடைத்துக்கொண்ட ஒரு மத்தியானத்திலிருந்து நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து விழுங்கும் திறன் போய்விட்டது. அன்று பன்னிரண்டு மணி ஃபீடுக்கு சிரிஞ்சில் ஊற்றிய பால் அப்படியே நின்றது. வீட்டுக்கு வந்து பார்க்கும் சிஸ்டர் பொறுமையாகச் சரிசெய்தபோது, குழாயிலிருந்து தயிர்க்கட்டி போன்ற ஒரு வெள்ளைத் துணுக்கு வெளியே வந்தது. "பால் திரிஞ்சிருக்கு பாருங்கக்கா" என்றார். அவர் சொன்னது உவமை இல்லை. எலுமிச்சை பிழிந்தால் பால் எதனால் திரிகிறதோ, அதேதான் குழாய்க்குள்ளும் நடந்திருக்கிறது. ஃபீட் கொடுக்குமுன் குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்க, சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சுகிறோம். வயிற்று அமிலம் குழாய் முழுக்க ஏறி வருகிறது. அதன் மேலேயே புரதப்பொடி கலந்த பாலை ஊற்றினால், பாலின் புரதம் அமிலத்தில் உறைந்து குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. இப்படி ஒவ்வொரு வேளையும் ஒரு படலமாகச் சேர்ந்து, ஒரு நாள் வழி மூடிவிடுகிறது.

ஃபீடுக்கு முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விடச் சொல்வது இதற்குத்தான். பின்னால் விடும் தண்ணீர் உணவைக் கழுவுகிறது என்பது எல்லோருக்கும் உடனே புரிகிறது. முன்னால் விடும் தண்ணீரைத்தான் தேவையில்லாதது என்று விட்டுவிடுகிறார்கள். அமிலத்தைக் கீழே தள்ளிவிட்டு, பால் வருவதற்கு வழியைச் சுத்தமாக்கித் தருவது அந்த முன் தண்ணீர்தான். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் போதும். காலை ஆறு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை மூன்று மணிக்கு ஒருமுறை என்று ஆறு வேளை கொடுத்தால், இந்தத் தண்ணீரே நாளுக்கு 360 மில்லி ஆகிறது. இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கு டாக்டர் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொல்லியிருந்தால், இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேழ்வரகுக் கஞ்சிக்கு வேறு குணம். அது அமிலத்துக்காகக் காத்திருப்பதில்லை, ஆறினாலே இறுகிவிடும். அடுப்படியில் நீர்க்க இருந்தது கட்டிலருகே வரும்போது கெட்டியாகியிருக்கும். அதனால் ஆறிய பிறகுதான் பதம் பார்த்து, வெந்நீர் சேர்த்துத் தளர்த்தி, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். ஒரு வேளைக்கு 200 மில்லி என்றால், அது பதினைந்து இருபது நிமிடத்தில் தானாக இறங்க வேண்டும். சிரிஞ்சைத் தலைக்குச் சற்று மேலே பிடித்தால் போதும். பிஸ்டனால் அழுத்தக் கூடாது. அழுத்தி விரைவாகக் கொடுத்தால் அது எதுக்களித்து வரும்.

எதுக்களித்தது நுரையீரலுக்குள் போவதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய ஆபத்து. நிமிர்த்தி வைப்பதில் பலரும் கழுத்துக்கு மட்டும் இரண்டு தலையணை கொடுக்கிறார்கள். அப்போது மோவாய் மார்பில் இடிக்கும், வயிறு மடங்கும், முதுகு படுத்தே கிடக்கும். இடுப்பிலிருந்து முதுகு முழுவதும் முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி எழும்ப வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டில் இல்லாத எங்கள் வீட்டில் ஒரு நாற்காலியைக் கவிழ்த்து, அதன் சாய்வின் மேல் மெத்தையை மடித்துப் போட்டோம். ஃபீட் முடிந்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். டயபர் மாற்றுவதையும் உடம்பு துடைப்பதையும் ஃபீடுக்கு முன்பே முடித்துவிட்டால், நடுவில் படுக்க வைக்கத் தேவை வராது.

அன்று சிஸ்டர் அடைப்பை எடுத்த விதத்தை வரிசையாகவே சொல்கிறேன். முதலில் அவர் சிரிஞ்சைத் தொடவில்லை. மூக்கருகே குழாயில் போட்டிருந்த அடையாளத்தையும், வாய்க்குள் குழாய் சுருண்டிருக்கிறதா என்பதையும் பார்த்தார். அடையாளம் நகர்ந்திருந்தால் தண்ணீர்கூட விடக் கூடாது. குழாய் மூச்சுப் பாதையில் இருக்கலாம். நகரவில்லை என்று தெரிந்த பிறகு, 50 மில்லி சிரிஞ்சைப் பொருத்தி மெல்லப் பின்னால் இழுத்தார். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்துக் கொஞ்சம் தள்ளினார், இழுத்தார், மறுபடி தள்ளினார். நகராதபோது தண்ணீரை உள்ளேயே விட்டுக் குழாயை மூடி, கால் மணி ஊற வைத்தார். இரண்டாம் முறை முயன்றபோது அந்தத் துணுக்கு வந்தது.

சின்ன சிரிஞ்சு என்றால் எளிதாக இருக்காதா என்று கேட்டேன். கட்டைவிரலின் அதே பலம் சிறிய பரப்பில் விழும்போது அழுத்தம் பல மடங்காகும், குழாய் கிழிந்துவிடும் என்றார். கம்பி விடுவது வயிற்றையே குத்திவிடும். சிலர் கோலா ஊற்றச் சொல்வார்கள். அதுவும் ஓர் அமிலம், பால் கட்டியை இன்னும் இறுக்கும். இரண்டு மூன்று முறை முயன்றும் வழி திறக்காவிட்டால், குழாயை மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

நோயாளிக்குச் சர்க்கரை இருந்து இன்சுலின் போட்டாயிற்று என்றால் ஊற வைத்துக் காத்திருக்கவே கூடாது. உணவு உள்ளே போகாமல் மருந்து மட்டும் வேலை செய்யும், சர்க்கரை வேகமாக இறங்கும். வாயாலும் எதுவும் கொடுக்க முடியாது. உடனே டாக்டரை அழைக்க வேண்டும்.

பாலுக்கு அடுத்தபடி குழாயை அடைப்பவை மாத்திரைகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே மாவாக நுணுக்கி, தண்ணீரில் கரைத்து, நடுநடுவே 10 மில்லி தண்ணீர் விட்டுக் கொடுக்க வேண்டும். பாலில் கலக்கவே கூடாது. ஆனால் எல்லா மாத்திரைகளையும் நுணுக்க முடியாது. வயிற்றுப்புண்ணுக்குக் கொடுக்கும் பான்டோபிரசோல் மாத்திரைக்கு அமிலத்திலிருந்து காக்க ஓர் உறை உண்டு. நுணுக்கினால் உறை போய், மருந்து வயிற்றிலேயே வீணாகிவிடும். ஒரு நாளுக்கு மெதுவாகக் கரையும்படி செய்த பிரஷர் மாத்திரைகளை நுணுக்கினால், நாள் முழுவதற்கான மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் சேரும். டிஸ்சார்ஜ் சீட்டில் இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை. அவசரத்தில் கொடுக்கப்படும் அந்தச் சீட்டில், வாயால் விழுங்குகிறவருக்கும் குழாயால் வாங்குகிறவருக்கும் ஒரே மாத்திரைதான் இருக்கிறது. எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு.

அதனால் வீட்டுக்குக் கிளம்பும் அன்று, வண்டி காத்திருந்தாலும் பரவாயில்லை, சீட்டை நர்ஸிடமோ மருந்தாளுநரிடமோ நீட்டி ஒவ்வொரு மாத்திரையாகக் கேளுங்கள்: இதை நுணுக்கலாமா, கூடாதென்றால் இதற்குச் சிரப் உண்டா? கூடவே, குழாய் நகர்ந்திருக்கிறதா என்று பிறகு பார்க்க, அதில் மூக்கருகே உள்ள அடையாள எண்ணையும் எழுதி வாங்கி, கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள்.