ஆட்டத்தை மீட்டெழுதுதல்

சதுரங்கப் போட்டியில் வீரர் இருவரும் ஒவ்வொரு நகர்வையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது பொதுவிதி. விரைவு ஆட்டங்களில் இக்கடமை இல்லை. அத்தகைய ஆட்டத்தில், ‘ஒரே நிலை மூன்றாம் முறையாக வந்துவிட்டது; ஆகவே ஆட்டம் சமன்’ என்று ஒருவர் உரைத்தால், அது மெய்தானா என்று பின்னர் ஆராய எழுத்துச்சான்று இராது. பலகையைப் பதிவுசெய்த காணொளியே எஞ்சும்.

காணொளியிலிருந்து ஆட்டத்தை மீட்டெழுதுபவர் காய்களின் உருவத்தை நம்புவதில்லை. மேலிருந்து நோக்கினால் மந்திரியின் தலையும் சிப்பாயின் தலையும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். எனவே, அவர் தொடக்க நிலையிலிருந்து புறப்பட்டு, கை விலகிய காட்சி ஒவ்வொன்றையும் அதற்கு முந்தைய காட்சியோடு ஒப்பிடுகிறார். இயல்பான நகர்வில் இரண்டு கட்டங்கள் மட்டுமே மாறும். அரசனும் யானையும் ஒருங்கே இடம்மாறும் கோட்டை கட்டுதலில் நான்கு கட்டங்கள் மாறும். எந்தக் கட்டமும் மாறவில்லையெனில், வீரர் காயைச் சீராக நிறுத்தினார் என்பதே பொருள்.

ஆடுவோரின் கை பலகையை மறைக்கும்போதுதான் இடர் தோன்றுகிறது. ஓர் ஆட்டம் 1.e4 e5 2.Nf3 Nc6 3.Bc4 எனச் சென்றது எனக் கொள்வோம். அதன்பின் சில நொடிகள் பலகை சரிவரத் தெரியவில்லை; கடிகாரம் நான்குமுறை அழுத்தப்படும் ஒலி மட்டும் கேட்கிறது. மீண்டும் தெளிந்தபோது கறுப்பு மந்திரி c5 கட்டத்திலும் குதிரை f6 கட்டத்திலும் நிற்கின்றன. வெள்ளைச் சிப்பாய் d3 கட்டத்தில் நிற்கிறது. வெள்ளை அரசன் கோட்டைக்குள் புகுந்துவிட்டான். ஆளுக்கு இரண்டு நகர்வுகள் என்பது உறுதி. ஆனால், அவற்றை விதி பிறழாமல் நான்கு வகையாக வரிசைப்படுத்தலாம்.

இங்கு மறைவின் ஓரங்கள் துணைபுரிகின்றன. முதல் ஒலிக்குப்பின், விரலிடுக்கில் f8 கட்டம் வெறுமையாகத் தெரிந்தது. ஆகவே கறுப்பு மந்திரியே முதலில் புறப்பட்டது. இரண்டாம் ஒலிக்குப்பின்னும் h1 மூலையில் யானை நின்றது. எனவே, வெள்ளை அப்போது கோட்டை கட்டவில்லை, சிப்பாயையே நகர்த்தியது. வரிசை இவ்வாறு முடிவாகிறது: 3...Bc5 4.d3 Nf6 5.O-O.

நகர்வொன்று விடுபட்டால், அப்பிழை பெரும்பாலும் தானே வெளிப்படும். வெள்ளையும் கறுப்பும் மாறிமாறி ஆட வேண்டிய முறை குலையும். அல்லது பின்வரும் நகர்வொன்று விதிக்குப் பொருந்தாது போகும். ஆனால், வரிசை தவறினால் இவ்வாறு காட்டிக்கொடுப்பது எதுவுமில்லை. நான்கு வரிசைகளும் இறுதியில் ஒரே நிலையையே தருவதால், பின்வரும் நகர்வுகள் யாவும் தடையின்றிப் பொருந்தும். இடையில் தோன்றிய நிலைகளோ வரிசைக்கேற்ப வேறுபடும்; மும்முறைக் கோரிக்கை அத்தகைய நிலைகளின் எண்ணிக்கையைச் சார்ந்தே நிற்கிறது. எனவே, விரலிடுக்கில் எதுவும் தெரியாதபோது தேர்ந்த பதிவாளர் தமக்குப் பழகிய வரிசையை எழுதிவிடாமல், ‘இந்நான்கு நகர்வுகளின் வரிசை அறியக்கூடவில்லை’ என்று அவ்விடத்திலேயே குறித்துவைக்கிறார்.