கட்டிலடியில் கைமாறும் கணக்கு

மத்தியானம் ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வாட்டுக்குள் சத்தம் மாறிவிடும். காலை ஏழு மணிக்கு வந்தவர்கள் கைப்பையைத் தேடுவார்கள், ஒரு மணிக்காரர்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வருவார்கள். இலங்கை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதிகளின் நாள் வழக்கமாக ஏழிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து ஏழு, பிறகு விடிய விடிய இரவு டூட்டி என்று மூன்றாகப் பிரியும். தெஹியோவிட்டப் பக்கம் ஒரு மெடிக்கல் வாட்டில் இந்தக் கைமாற்றத்துக்கு ஒரு தாள் தயாராகிக்கொண்டிருந்தது. நானும் பல காலம் தாதியாக இருந்தவள், தமிழ் தெரிந்தவள் என்பதால் வாட் சிஸ்டர் கூப்பிட்டிருந்தார்.

முதல் மாதிரித் தாளைப் பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். பிரஷர் பார்த்தாச்சா, சரி. சேலைன் ஓடுகிறதா, சரி. மருந்து கொடுத்தாச்சா, சரி. இப்படிப்பட்ட தாளை நாற்காலியில் உட்கார்ந்தபடியே நிரப்பிவிடலாம். நிரப்பியும் இருந்தார்கள். எல்லாச் சரிக்குறியும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே வீச்சில் விழுந்திருந்தால் அந்தத் தாள் கட்டிலருகே போகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். சரிக்குறி கேட்கிற கட்டத்தை எடுத்துவிட்டு, எண் கேட்கிற வெற்றிடம் வையுங்கள் என்றேன். “பிரஷர் பார்த்தாச்சா” என்று கேட்டால் பொய் சொல்வது சுலபம். கடைசி மூன்று பிரஷரை நேரத்தோடு எழுது என்றால், ஒன்று எழுத வேண்டும், அல்லது வெறுமையாக விட வேண்டும்.

தாளின் எலும்புக்கூடு எஸ்பார். சிச்சுவேஷன், பேக்ரவுண்ட், அசெஸ்மென்ட், ரெக்கமண்டேஷன் என்ற நான்கின் முதலெழுத்துகள். இப்போது என்ன நடக்கிறது, இதுவரை என்ன நடந்தது, நான் என்ன நினைக்கிறேன், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற வரிசை. அமெரிக்கக் கடற்படையின் அணுநீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து வந்த முறை இது. மைக்கேல் லியோனர்ட், சுசான் கிரஹாம், டக் போனகம் ஆகியோர் கைசர் பெர்மனென்டே ஆஸ்பத்திரிக் குழுமத்தில் அதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2007இல் உலக சுகாதார நிறுவனமும் டூட்டி மாறும்போது இதைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாதி டாக்டரைத் தொலைபேசியில் அவசரமாகக் கூப்பிடும்போது என்ன சொல்வது என்பதற்குத்தான் இது பெரிதும் பேர்போனது. தாதியிடமிருந்து தாதிக்குக் கைமாறும்போது கடைசி எழுத்து நொண்டும். அந்த இடத்தில் எல்லோரும் எழுதுவது “அதே சிகிச்சை தொடரவும்” என்ற ஒரு வரிதான். அதனால் புதுத் தாளில் ஆர் என்ற இடத்தில் மூன்று வெற்றிடம் வைத்தோம்: எத்தனை மணிக்கு, என்ன பார்க்க வேண்டும், எந்த எண் வந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே அடையாளத்துக்கு ஒரு வரி. தோட்டப்பக்க வாட்டில் ஒரே நேரத்தில் இரண்டு லட்சுமி, மூன்று செல்லம்மா இருப்பது அதிசயமில்லை. சில வேளை தோட்டப் பெயரும் ஒன்றாகவே இருக்கும். பெயரோடு டிக்கெட் நம்பரையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று வைத்தோம். கட்டில் நம்பர் போதாது. கட்டில் மாறும்.

தாள் எங்கே வேலை செய்கிறது என்பதை ஒரு கட்டிலருகே பார்த்தேன். சப்ரகமுவவில் மழைக்காலத்து மெடிக்கல் வாட் என்றால் எலிக்காய்ச்சலும் டெங்குவும்தான். இந்தப் பெண் டெங்கு. ரப்பர் பால் வெட்டுகிறவர், வயது முப்பதைத் தாண்டியிருக்கும், எடை 45 கிலோ, காய்ச்சலின் ஐந்தாம் நாள். இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும் ஆபத்தான கட்டம் அன்று அதிகாலை 3 மணிக்குத் தொடங்கியதாக டாக்டர் எழுதியிருந்தார். அங்கிருந்து 48 மணி நேரம். இந்த நேரத்துக்கு இலங்கையின் டெங்கு வழிகாட்டி ஒரு நீர்க்கணக்கு வைத்திருக்கிறது. ஒரு நாளைக்குத் தேவையான நீரோடு, உடல் எடையில் ஐந்து சதவீதம் சேர்ந்தது மொத்த ஒதுக்கீடு. எடையில் முதல் பத்துக் கிலோவுக்கு 1000 மில்லி, அடுத்த பத்துக்கு 500, மீதி 25 கிலோவுக்குக் கிலோவுக்கு 20 வீதம் 500, ஆக 2000. எடையின் ஐந்து சதவீதம் 2250. மொத்தம் 4250 மில்லி. சேலைனும் வாயால் குடிப்பதும் எல்லாம் இதற்குள் அடங்கும். இதைச் சமமாகப் பிரித்து ஊற்றுவதில்லை. கசிவு கூடக் கூடக் கூட்டி, பிறகு குறைப்பார்கள். குறைத்துக் கொடுத்தால் ஷாக். கூடிப்போனால், கசிவு நின்று நீர் திரும்பி வரும்போது நுரையீரல் நிரம்பி மூச்சுத் திணறும்.

காலைத் தாதி வாயால் சொன்னது இவ்வளவுதான்: டெங்கு, அஞ்சாம் நாள், பிரஷர் 102, நல்லா இருக்கா, சேலைன் 60இல் போகுது. இதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் புதுத் தாளில் ஏ என்ற இடம் மூன்று மணி நேரத்துப் பிரஷரைக் கேட்டது. 11 மணிக்கு 110க்கு 76. 12க்கு 106க்கு 78. ஒரு மணிக்கு 102க்கு 78. மேலுக்கும் கீழுக்கும் உள்ள இடைவெளி 34, 28, 24 என்று ஒடுங்கிக்கொண்டு வருகிறது. அது 20க்கு வந்தால் ஷாக் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மேல் எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு 102 நல்ல எண். டெங்குவில் கீழ் எண் இறங்காமல் நிற்பதுதான் வஞ்சகம், உடம்பு குழாய்களை இறுக்கிப் பிடித்துச் சமாளிக்கிறது என்று அர்த்தம். பி.சி.வி. சேர்த்தபோது 36, அன்று காலை 39, 12 மணிக்கு 41. சிறுநீர் கடைசி மூன்று மணி நேரத்தில் 60 மில்லி, மணிக்கு 20. இந்த எடைக்கு மணிக்கு 22க்குக் குறையக் கூடாது.

புதுத் தாதி சொட்டை எண்ணினார். மில்லிக்கு இருபது சொட்டு விழும் குழாயில் மணிக்கு 60 மில்லி என்றால் நிமிடத்துக்கு 20 சொட்டு, மூன்று விநாடிக்கு ஒன்று. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பதினைந்து விநாடி நின்றார், ஐந்து சொட்டு. பாட்டிலில் மிச்சமும் கணக்கோடு ஒத்துப்போனது. ஊசி குத்தியிருந்த இடத்தை விரலால் தடவினார். வீக்கமில்லை.

பிறகுதான் தாளின் கடைசி வரி. ஆஸ்பத்திரி டிக்கெட் ஆங்கிலத்தில், தாதிகள் பேசுவது சிங்களத்தில், படுத்திருக்கிறவருக்குத் தெரிந்தது தமிழ். தலைமாட்டில் நின்று தன்னைப்பற்றி நடக்கும் பேச்சு அவருக்கு எட்டாது, கட்டிலருகே வந்து பேசுவதன் பாதிப் பயனும் போய்விடும். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான்கு தமிழ்க் கேள்விகளைச் சிங்கள எழுத்திலேயே தாளின் அடியில் எழுதி வைத்தோம். இலக்கணத் தமிழ் இல்லை, தோட்டத்தில் பேசுகிற தமிழ். என்ன குடிச்சீங்க, எவ்வளவு? ஒண்ணுக்குப் போனீங்களா? வயிறு வலிக்குதா? எழும்பினா தலை சுத்துதா?

புதுத் தாதி முதல் கேள்வியைப் படித்ததும், படுத்திருந்தவர் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற அக்காதான் பதில் சொன்னார். “கஞ்சி ரெண்டு கோப்பை குடிச்சா மிஸ். அப்புறம் கொஞ்சம் சாயத்தண்ணி.” ஃபிளாஸ்க் கட்டிலுக்கு அடியில் இருந்தது. கோப்பையில் தண்ணீர் ஊற்றி அளந்தோம், மொத்தம் 400 மில்லி வந்தது. தாளில் இருந்தது பத்து மணி நேரத்துக்குச் சேலைன் 600, ஜீவனி 150, ஆக 750. உண்மையில் போனது 1150. சாயத்தண்ணியும் வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன், சிவப்பும் கபிலமுமான பானம் குடித்து வாந்தி எடுத்தால் இரத்தமா சாயமா என்று ஒருவருக்கும் தெரியாது.

இந்த 400 மில்லி எதைப் புரட்டிப்போட்டது என்று பாருங்கள். 750தான் உள்ளே போனது என்றால், சிறுநீர் குறைவதற்கு எளிய விளக்கம் ஒன்று கையில் இருக்கிறது: போதுமான அளவு குடிக்கவில்லை, குடிக்கச் சொல்வோம். 1150 போயும் சிறுநீர் குறைகிறது, இடைவெளி ஒடுங்குகிறது, பி.சி.வி. ஏறுகிறது என்றால், உள்ளே போன நீர் குழாயில் நிற்கவில்லை. கசிவு பலமாக இருக்கிறது. மிச்ச ஒதுக்கீடும் 3500 இல்லை, 3100தான், இன்னும் 38 மணி நேரத்துக்கு. இரண்டு படத்துக்கும் டாக்டர் எடுக்கிற முடிவு ஒன்றாக இருக்க முடியாது.

ஆர் இடத்தில் காலைத் தாதி எழுதியது: டாக்டருக்கு இப்போதே சொல்லவும். 1.30க்கு மறுபடி பிரஷர். பி.சி.வி. ஆறு மணிக்கு என்றிருந்ததை மூன்று மணிக்கு எடுக்கலாமா என்று கேட்கவும். இடைவெளி 20 அல்லது பி.சி.வி. 43 வந்தால் உடனே கூப்பிடவும். அந்த 43, முதல் எண்ணான 36இலிருந்து இருபது சதவீதம் ஏறும் இடம். கேட்டுக்கொண்டிருந்த புதுத் தாதி இதை வாயால் திருப்பிச் சொன்னார். டாக்டர் வந்து பார்த்துச் சொட்டைக் கூட்டினார், இரத்தம் எடுக்கும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார்.

இந்தக் கட்டிலுக்குக் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் போனது. வாட்டில் நாற்பது பேர் இருந்தால் இந்த வேகத்தில் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். எந்தத் தாதியும் தன் டூட்டி முடிந்த பிறகு அவ்வளவு நேரம் நிற்க மாட்டார், நிற்கச் சொல்வதும் நியாயமில்லை, பஸ் போய்விடும். அதனால் முழுத் தாளும் சிவப்புக் குறி போட்ட கட்டில்களுக்கு மட்டும் என்று முடிவானது: ஆபத்துக் கட்டத்தில் இருக்கும் டெங்கு, சிறுநீர் குறைந்த எலிக்காய்ச்சல், ஒட்சிசன் போடுகிறவர்கள், அன்றுதான் சேர்ந்தவர்கள். மற்றவர்களுக்கு இரண்டு வரி போதும். யார் சிவப்பு என்பதை வெளியே போகிற தாதியே தீர்மானிக்க வேண்டும், டூட்டி முடிய அரை மணிக்கு முன்னால். இதில் ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த 102 ஐ நல்ல எண் என்று நினைத்தவர் சிவப்புக் குறி போடாமலே விடலாம். அதனால் டெங்கு ஆபத்துக் கட்டம் என்று டாக்டர் எழுதினாலே, தாதி என்ன நினைத்தாலும், சிவப்பு என்று சேர்த்தோம்.

கட்டிலருகே சொல்லக் கூடாதவையும் உண்டு. நஞ்சு குடித்துச் சேர்ந்த பிள்ளை, வீட்டாருக்கே தெரியாத நோய், குடிப்பழக்கம். அவை மேசையிலேயே பேசி முடிய வேண்டும். தாளில் அவற்றுக்கு இடமே வைக்கவில்லை. தாள் கட்டில் காலில் தொங்கும், யாரும் எடுத்துப் பார்ப்பார்கள்.

சிஸ்டருக்கும் எனக்கும் ஒத்துப்போகாத ஒன்று மிஞ்சியது. டூட்டி முடிந்ததும் தாளை டிக்கெட்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்கிறார் அவர், நாளைக்கு விசாரணை என்று வந்தால் சாட்சி வேண்டும் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. விசாரணைக்குப் போகும் தாள் என்று தெரிந்தால், காலைத் தாதி அந்தக் கஞ்சியின் 400 ஐ எழுத விட்டிருப்பாரா? “அதே சிகிச்சை தொடரவும்” என்ற வரிதான் திரும்பி வரும். இப்போதைக்கு, எண்களை டிக்கெட்டில் ஏற்றிவிட்டு, தாளை ஒரு கிழமை மேசை லாச்சியில் வைத்திருப்பது என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.